பொன்மொழியை விடுங்கள், டிக்கெட்டைப் பாருங்கள்

கேள்வி: நான் எழுதிய சிறுகதை 1975-ல், சிங்கப்பூர்ப் பேருந்து ஒன்றில் நடக்கிறது. கண்டக்டர் ஒருவர் தினமும் ஒரு பொன்மொழியைத் தன் கையால் அட்டையில் எழுதி மாட்டுவார். வேலை போன ஒரு பெண் சாகிற எண்ணத்தோடு அந்தப் பேருந்தில் ஏறுகிறாள். அன்றைய வாசகத்தைப் படித்ததும் மனம் மாறி இறங்குகிறாள். 1,800 சொற்கள். எழுத்துப் பட்டறையில் வாசித்தபோது எல்லாரும் "நல்ல கருத்து" என்றார்கள், கதையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பிரதியை இணைத்திருக்கிறேன். பொன்மொழி பலமில்லாமல் இருக்கிறதா? வேறு ஒன்றை வைத்தால் சரியாகுமா?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்:

அம்மா, பொன்மொழியை மாற்றிப் பயனில்லை. அந்த இடத்தில் எதை வைத்தாலும் அதே "நல்ல கருத்து"தான் கிடைக்கும். அந்தப் பெண்ணுக்கு என்ன துக்கம் என்று கண்டக்டருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அதற்கேற்ற மருந்தை அன்று காலை அட்டையில் நீங்களே எழுதி மாட்டிவிட்டீர்கள். படிக்கிறவர் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார். கண்டுபிடித்த பிறகு அவர் பார்ப்பது கதையை இல்லை, உங்கள் நல்லெண்ணத்தைத்தான். அதனால் அதையே பாராட்டிவிட்டுப் போகிறார்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். அன்றைய அட்டையை எடுத்துவிட்டு முந்தின நாள் அட்டையை அங்கே மாட்டுங்கள். அவள் என்ன ஆவாள்? உங்கள் பிரதிப்படி செத்துப்போவாள். அப்படியென்றால் அவளைக் காப்பாற்றியது தேதிப் பொருத்தம். தற்செயலில் ஒரு கதை தொடங்கலாம், அதைப் படிக்கிறவர் ஒத்துக்கொள்வார். தற்செயலில் கதை முடிந்தால் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்.

சாகிற எண்ணத்தையும் எடுத்துவிடச் சொல்வேன். அந்த நிலையில் இருக்கும் ஒருவரைத் திருப்பிக் கொண்டுவர மனிதர்களும் நாட்களும் வேண்டும். ஒரு வரி அதைச் செய்துவிட்டது என்று எழுதினால் அந்தத் துயரம் மலிவாகிவிடும். பேருந்துக்குள் அடங்குகிற அளவில் ஒரு கஷ்டம் போதும். உங்களிடமே அது இருக்கிறது, மூன்றாம் பத்தியில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்: அவளுக்கு வேலை போனது வீட்டுக்குத் தெரியாது. எண்ணெய் விலை ஏறியதை ஒட்டி 1974, 75-ல் வந்த மந்தத்தில் இங்கே மின்னணுத் தொழிற்சாலைகள் பலரை நிறுத்தின. வரிசையில் உட்கார்ந்து பாகங்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்த இளம்பெண்கள் பலருக்கு அப்போது வேலை போனது. வேலை போன பிறகும் காலையில் அதே நேரத்துக்கு, அதே உடுப்பில் கிளம்பி அதே பேருந்தில் ஏறுகிற பெண். அவள் துக்கத்துக்கு இதற்குமேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

இப்போது கண்டக்டருக்கு வருவோம். உங்கள் கதையில் அவர் அட்டை மாட்டுவதைத் தவிர ஒன்றும் செய்வதில்லை. அது பெரிய நஷ்டம், ஏனென்றால் இந்தக் கதைக்கு வேண்டியதெல்லாம் அவர் செய்கிற வேலைக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் காலத்துக் கட்டணம் ஸ்டேஜ் கணக்கு. ஏறுகிற இடத்திலிருந்து எத்தனை ஸ்டேஜ் போகிறீர்களோ அதற்குத் தக்க விலை, விலைக்கு ஒரு நிறத்தில் சீட்டு. கண்டக்டர் கையில் நிறம் நிறமாகச் சீட்டுக்கட்டுகள் இருக்கும். நீங்கள் இடத்தைச் சொன்னதும் ஒன்றைக் கிழித்து, ஓட்டை போடும் இடுக்கியால் ஸ்டேஜ் எண்மேல் 'கிளிக்' என்று ஒரு ஓட்டை போட்டுக் கொடுப்பார். அந்த ஓட்டையைத் தாண்டிப் பயணம் செய்தால் தப்பு. வழியில் இன்ஸ்பெக்டர் ஏறினால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அதாவது, ஒரு பயணியின் முகத்தைப் பார்க்காமலே அவர் வாழ்க்கையில் ஏதோ மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் கண்டக்டர். தினமும் தோ பாயோவரைக்கும் நீளச் சீட்டு வாங்குகிறவள் ஒரு நாள் பாதி வழிக்குக் கேட்கிறாள். மறுநாளும் பாதி வழி. சில நாள் கழித்து அதிலும் பாதி. போய்ச் சேர வேலையிடம் இல்லாதவள் எதற்கு முழுக்காசு கொடுக்க வேண்டும்? அவருக்குக் காரணம் தெரியாது, நிறம் மாறியது மட்டும் தெரியும். படிக்கிறவருக்கு இரண்டும் தெரியும். இந்த இடைவெளிதான் உங்கள் கதை.

அதனால் கதையை அவர் பார்வையிலிருந்து எழுதுங்கள். இப்போது அவள் பார்வையில் இருப்பதால் அவள் மனசை நீங்களே திறந்து காட்ட வேண்டியிருக்கிறது, பிரதியில் இப்படி வந்துவிடுகிறது: "அவளது விழிகள் அந்த அட்டையில் பதிந்தன. ஒவ்வொரு சொல்லும் நெஞ்சில் ஒளியாய்ப் பரவியது. இருண்ட வானில் விடிவெள்ளி முளைத்தாற்போல் உணர்ந்தாள்." எந்தக் கதையிலும் ஒட்டக்கூடிய வரிகள் இவை. அதே இடத்தை அவர் பக்கத்திலிருந்து எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

நீ சூன் தாண்டியதும் கூட்டம் நெருக்கியது. கண்டக்டர் பின்பக்கத்திலிருந்து முன்னால் வந்தார். அவள் ஜன்னலோரம் இருந்தாள். சில்லறையை எண்ணி ஏற்கெனவே கையில் வைத்திருந்தாள்.
"தோ பாயோதானே?" என்றார், நீலச் சீட்டில் விரலை வைத்துக்கொண்டே.
"இல்லண்ணே. அப்பர் தாம்சன்ல எறங்கிடுவேன்."
விரலை மஞ்சளுக்கு மாற்றினார். கிளினிக்குக்குப் போகிறாள்போல என்று நினைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமையும் மஞ்சள். புதன்கிழமை அவர் கேட்கவே இல்லை, கை தானாக மஞ்சளுக்குப் போயிற்று.

இதில் துக்கம் என்ற சொல் இல்லை. கடைசி வரியில் அவர் கை பழகிப்போனது என்கிறோமே, அதில்தான் படிக்கிறவருக்குச் சுருக்கென்கிறது. நிறங்களை நான் கதைக்காக வைத்தேன். உங்கள் வழித்தடத்துக்கும் ஆண்டுக்கும் உரிய நிறத்தையும் விலையையும் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். தேசிய நூலகத்தின் NewspaperSG தளத்தில் அந்தக் கால நாளிதழ்கள் இருக்கின்றன, தமிழ் முரசும் அதில் உண்டு. கட்டணம் ஏறியபோதெல்லாம் செய்தி வந்திருக்கும்.

அட்டையை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் அதை வைத்துக்கொள்ள மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: எந்த மொழியில் எழுதுகிறார், எங்கிருந்து எடுக்கிறார், எதற்காக எழுதுகிறார்? பிரதியில் மூன்றுக்கும் பதில் இல்லை.

மொழிதான் நம் ஊர் உங்களுக்குக் கொடுத்திருக்கிற வரம். இதே கதை மதுரையில் நடந்தால் பேருந்தில் இருக்கிற எல்லாரும் அந்த அட்டையைப் படிப்பார்கள். தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் குறள் எழுதிய பலகையே இருக்கும், ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. 1975-ல் சிங்கப்பூரில் ஒரு கண்டக்டர் தமிழில் எழுதி மாட்டினால், ஒரு வண்டி நிறைய ஆள் இருந்தும் படிக்கத் தெரிந்தவர் ஓரிருவர்தான். மற்றவர்களுக்கு அது கோலம்போட்ட காகிதம். அவர் எழுதியது ஒருத்திக்கு மட்டும் போய்ச் சேருவதற்கு நீங்கள் எந்தத் தற்செயலையும் உண்டாக்க வேண்டியதில்லை. வேடிக்கையும் இதிலிருந்தே வருகிறது. இன்ஸ்பெக்டர் ஏறி, இது என்ன என்று மலாயில் கேட்கிறார். எச்சில் துப்பாதே என்று எழுதியிருக்கிறேன் என்று இவர் மலாயிலேயே கூசாமல் சொல்லிவிடுகிறார். இன்ஸ்பெக்டர் திருப்தியாகத் தலையாட்டுகிறார். அந்தப் பெண்ணுக்கு மலாயும் தெரியும், தமிழும் தெரியும். பல நாள் கழித்து அவள் முகத்தில் சிரிப்பு வருவது அப்போதுதான். இந்தச் சிரிப்புக்கு உங்கள் பிரதியில் நாலு பத்தி செலவாகியிருக்கிறது.

எங்கிருந்து எடுக்கிறார் என்பதற்கு வீட்டுச் சுவரைப் பாருங்கள். தமிழ்த் தினசரி காலண்டர் தாளில் நல்ல நேரம், ராகு காலத்தோடு ஒரு வாசகமும் இருக்கும். கிழித்த தாளின் வெறும் பக்கத்தில் அதைப் பெரிதாக எழுதி அட்டையில் ஒட்டுகிறார். அப்படியென்றால் வாசகத்தைத் தேர்ந்தெடுப்பது அவர்கூட இல்லை, காலண்டர். அது யாருக்கும் பொருந்த வேண்டிய கட்டாயமே போய்விடுகிறது. எதற்காக எழுதுகிறார் என்பதற்கு உயர்ந்த காரணம் எதையும் கொடுக்காதீர்கள். சிறு வயதிலேயே படிப்பு நின்றுபோனவர், எழுத்து மறந்துவிடக் கூடாதென்று தினமும் ஒரு வரி எழுதிப் பழகுகிறார். எழுதியதை நாலு பேர் பார்க்கட்டும் என்று ஒரு சின்ன ஆசை. அவ்வளவு போதும்.

எழுதிப் பழகுகிறவர் என்றால் பிழை வரும். கதையின் முடிச்சை அங்கே போடுங்கள். ஒரு நாள் காலண்டரில் வருவது நம்மில் பாதிப்பேருக்கு மனப்பாடமான குறள், "முயற்சி திருவினை ஆக்கும்". அவர் எழுதுவது "முயற்ச்சி". இன்றைக்கும் கடைப்பலகை முதல் கல்யாணப் பத்திரிகை வரை பார்க்கிற பிழை இது. ற் என்ற வல்லின மெய்க்குப் பக்கத்தில் இன்னொரு மெய் நிற்காது என்பது தமிழ்ப் பள்ளியில் படித்த அவளுக்குத் தெரியும். அதோடு அந்தக் குறள் அவளுக்கு ஆறுதலே தராது. முயற்சி இல்லாவிட்டால் வறுமை வந்து சேரும் என்றல்லவா அதன் இரண்டாம் அடி போகிறது? முயன்று பார்த்து, வாசல் வாசலாக "ஆள் எடுக்கவில்லை" என்ற பதிலைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு இதைப் படித்தால் எரிச்சல்தான் வரும். இறங்கும்போது கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அந்த ச்-சின்மேல் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறாள். பாதி கோபம், பாதி பழக்கம்.

கண்டக்டர் டிப்போவில் அட்டையைக் கழற்றும்போது அதைப் பார்க்கிறார். யார் என்று தெரியாது. மறுநாள் அதே வரியைத் திருத்தி எழுதி மாட்டுகிறார். அப்புறம் அடிக்கடி பென்சில் கோடு விழுகிறது, ஒரு ழகரம், ஒரு றகரம். அவளுக்கு அன்றைக்குக் காத்திருக்கிற வேலை என்று உலகத்தில் இருப்பது இது ஒன்றுதான் என்பது படிக்கிறவருக்கு மட்டும் புரியும். அவருக்குப் புரிய வேண்டாம், நீங்களும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் பிரதியில் இந்த இடத்தில் ஒரு விளக்கவரி எழுதத் தோன்றும். தோன்றினால் எழுதிவிட்டு, மறுநாள் அடித்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் ஒரே காலைப்பொழுது போதாது. மூன்று வாரமாகப் பரப்புங்கள். அங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் வரும், அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கண்டக்டர்களுக்கு ஷிப்ட் மாறும், ஒரே வண்டியும் தினம் கிடைக்காது. அட்டை வண்டிக்குச் சொந்தமில்லை, அவரோடு பையில் போய்வருகிறது. இரண்டாம் வாரம் அவரைப் பிற்பகல் ஷிப்டுக்கு அனுப்புங்கள். காலை வண்டியில் அட்டை இல்லை. அந்த வாரத்தை இரண்டு மூன்று வரியில் கடந்துவிடலாம், அவர் எழுதுகிறார், ஒரு கோடும் விழவில்லை என்பது போதும். மூன்றாம் வாரம் காலை ஷிப்டுக்குத் திரும்பியதும் சீட்டுக்குக் கை நீட்டுகிறவள், "ஒரு வாரமா காணோம்?" என்கிறாள். பென்சில் யாருடையது என்று அவருக்குத் தெரிவது இங்கேதான்.

உச்சக்கட்டத்தையும் டிக்கெட்டிலேயே வையுங்கள். அவளிடம் இருப்பது மிகக் குறைந்த சீட்டு. அட்டையில் அன்றைக்குப் பெரிய வாசகம், பிழையும் நிறைய. திருத்துகிற மும்முரத்தில் இறங்க வேண்டிய ஸ்டேஜைத் தாண்டிவிடுகிறாள். அடுத்த நிறுத்தத்தில் இன்ஸ்பெக்டர் நிற்பது கண்டக்டர் கண்ணில் படுகிறது. வண்டி நிற்க அரை நிமிடம் இருக்கிறது. இப்போது அவர் என்ன செய்வார்?

இந்த இடத்தில் எழுதுகிறவர் கை தானாக அவரைத் தர்மவானாக்கப் பார்க்கும். தன் சட்டைப்பையிலிருந்து காசு போட்டு ஒரு சீட்டைக் கிழித்து அவள் மடியில் வைத்துவிட்டுப் போவார் என்று. நான் அதை விரும்பவில்லை. அந்த நொடியில் அவள் மறுபடி தானம் வாங்குகிறவள் ஆகிவிடுகிறாள், இத்தனை நாளாக அவர் பிழையைத் திருத்திவந்த கை தாழ்ந்துவிடுகிறது. அவர் காசு வாங்கட்டும். "தங்கச்சி, ஸ்டேஜ் தாண்டிருச்சு" என்று கை நீட்டட்டும். அவள் பையைத் துழாவி, நாணயங்களைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்கட்டும். ஒரு ஐந்து காசு தரையில் உருண்டால் பக்கத்தில் இருக்கிற மலாய்க்கார மாது எடுத்துக் கொடுக்கலாம். அவர் சீட்டைக் கிழித்து ஓட்டை போடுகிறபோது இன்ஸ்பெக்டர் படியில் காலை வைக்கிறார். சட்டப்படி எல்லாம் சரி. அவளைப் பிடிபடாமல் காத்தது அவர் வேலையை ஒழுங்காகச் செய்ததுதான். இன்ஸ்பெக்டர் இறங்கிப்போன பிறகு அட்டையை அவளிடம் நீட்டி, "இன்னும் எத்தன தப்பு?" என்று கேட்கிறார். அவள் எண்ணிச் சொல்கிறாள். அங்கே நிறுத்திவிடலாம். அவளுக்கு வேலை கிடைத்ததா, வீட்டில் சொன்னாளா என்று கடைசியில் நீங்கள் எழுதியிருக்கிற "பத்தாண்டுகளுக்குப் பிறகு" பகுதி முழுவதும் போய்விடும். அந்த 300 சொற்கள் இன்ஸ்பெக்டர் காட்சிக்குத் தேவைப்படும்.

மொத்தம் 1,800 என்றால் அதற்கு 500-க்குக் குறையாமல் ஒதுக்குங்கள். நிறம் மாறுகிற முதல் வாரத்துக்கு 400, பிழையும் பென்சிலும் 400. அட்டை எழுதுகிற வீட்டுக் காட்சிக்கு 200 தாண்ட வேண்டாம், அங்கே அவர் மனைவியை வைத்து ஒரு உரையாடல் எழுத ஆசை வரும், வந்தாலும் விட்டுவிடுங்கள். மீதி, ஷிப்ட் மாறுகிற வாரத்துக்கும் அவள் பேசுகிற முதல் வார்த்தைக்கும்.

சில்லறைத் திருத்தங்கள். அவள் ஜன்னல் வழியாக எம்ஆர்டி தண்டவாளத்தைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள், எம்ஆர்டி ஓடத் தொடங்கியது 1987-ல். மாடிப் பேருந்தும் வேண்டாம், எஸ்பிஎஸ் பேருந்து நிறுவனம் அதைக் கொண்டுவந்தது 1977-ல். அதற்கும் முன்னால், 1973-ல்தான் பேருந்து நிறுவனங்கள் ஒன்றிணைந்து எஸ்பிஎஸ் ஆயின, ஆகவே 75-ல் உங்கள் கண்டக்டர் அதன் ஊழியர் என்று வைத்தால் சரியாக இருக்கும். கதையை 80-களுக்கு நகர்த்தும் எண்ணம் இருந்தால் கவனம்: ஓட்டுநர் ஒருவரே வண்டியை நடத்தும் முறை பரவி, அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதிக்குள் கண்டக்டர்கள் இல்லாமல் போனார்கள். கண்டக்டர் "தாங்கள் எங்கு செல்ல வேண்டும்?" என்று கேட்பதை "எங்க?" என்று மாற்றுங்கள். நெரிசலில் அவருக்கு அதற்குமேல் நேரமில்லை.

இன்ஸ்பெக்டர் காட்சியை முதலில் எழுதி அனுப்புங்கள். அவள் காசை எண்ணுகிற இடத்தில் பரிதாபம் தட்டாமல் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை எழுதத் தொடங்கலாம்.